நீளம் சரி, அகலம் சரி, மேலே மட்டும் ஏன் ஷூ கவ்வுகிறது?

என் அக்கா மகன் சென்னையில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறான். எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை, கருப்பு லெதர் ஷூ கட்டாயம். போன வருடம் ஊருக்கு வந்தவன் ஒரு துணிப்பையைத் திண்ணையில் கவிழ்த்தான். மூன்று ஜோடி ஷூ, மூன்றும் கிட்டத்தட்டப் புதுசு.

"மாமா, எட்டாம் நம்பர் நீளம் சரியா இருக்கு, விரலும் இடிக்கல. மேலதான் கவ்வுது. நாலு மணிக்கு மேல பெருவிரல் பக்கம் மரத்துப் போயிடுது. சரின்னு ஒன்பது வாங்கினேன், அப்புறம் பத்து. பத்துல மேல பரவாயில்ல, ஆனா நடந்தா குதிகால் கழண்டு கழண்டு வருது."

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில், ஷூவின் மேல்பகுதியான அப்பருக்குப் பேட்டர்ன் போடும் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். இந்தப் புகாரைக் கேட்டதும் காலைப் பார்க்கும் முன்பே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். அவனுக்கு நம்பரில் தப்பில்லை. அவன் புறங்கால் உயரம். ஷூவின் நம்பர் அந்த உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

மூன்றாவது அளவு

கணுக்காலுக்கு முன்னால், லேஸ் முடிச்சு உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, காலின் மேல்பக்கம் மேடாக இருக்கிறதே, அதைத்தான் ஷூ தொழிலில் இன்ஸ்டெப் என்கிறோம். உங்கள் பாத நீளத்தைப் பாதியாக மடித்தால் மடிப்பு ஏறக்குறைய அந்த மேட்டில்தான் விழும். அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை அதிகம் கிடையாது. தசைநாண்களும் இரண்டு மூன்று நரம்புகளும் ரத்தக்குழாயும் எலும்பின் மேலேயே ஓடுகின்றன. அதனால் அகலத்தில் வரும் இறுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும் கால், மேலே வரும் இறுக்கத்தைப் பொறுக்காது.

ஷூவை வில்வண்டிக் கூண்டு மாதிரி நினைத்துப் பாருங்கள். அடித்தளம் ஒரு பலகை. அதன் ஒரு விளிம்பில் தொடங்கி மேலே வளைந்து மறு விளிம்பில் இறங்குகிறது கூண்டு. பலகையின் நீளமும் அகலமும் சரியாக இருந்தாலும், உள்ளே ஏற்றிய மூட்டை உயரமாக இருந்தால் கூண்டு முட்டும். ஷூவில் இந்தக் கூண்டின் அளவு இன்ஸ்டெப் சுற்றளவு. பாதத்தின் மொத்தப் பருமன், அதாவது ஷூவுக்குள் கால் அடைத்துக்கொள்ளும் இடம், பெரும்பாலும் இந்த ஒரு சுற்றளவில் தெரிந்துவிடும்.

கடைகளில் காலை வைத்து அளக்கும் உலோகத் தட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் சார்லஸ் பிரானக் என்பவர் 1920களில் உருவாக்கியது. நீளம், அகலம், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை உள்ள தூரம், இந்த மூன்றையும் அழகாகச் சொல்லும். மேலே எவ்வளவு உயரம் என்று சொல்லாது. நம் ஊர்க் கடைகளில் அந்தத் தட்டுகூட அபூர்வம், நம்பரைக் கேட்டு டப்பாவை எடுத்துவருவதோடு சரி. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021-22இல் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்து, 'பா' என்ற பெயரில் இந்தியக் காலுக்கான அளவுமுறை ஒன்றை முன்வைத்தது. பிரிட்டிஷ் நம்பர் நம் காலுக்குப் பொருந்தவில்லை என்ற உறுத்தலில் பிறந்த வேலைதான் அது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். உள்ளங்கால் வளைவு உயரமானவருக்குத்தான் புறங்காலும் உயரம் என்று பலர் நினைக்கிறார்கள். பல நேரம் அப்படி அமையும். ஆனால் தட்டைப் பாதக்காரர் பலருக்கும் புறங்கால் தடிமனாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஈரக்காலைத் தரையில் பதித்துப் பார்க்கும் சோதனை அடிப்பக்கத்தை மட்டுமே காட்டும். மேல்பக்கத்துக்கு டேப் எடுத்தே ஆக வேண்டும்.

பெரிய நம்பர் ஏன் தீர்வு ஆகாது

பிரிட்டிஷ் அளவில் ஒரு நம்பர் ஏறினால் நீளம் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடும், கிட்டத்தட்ட 8.5 மி.மீ. பழங்காலத்தில் ஒரு வாற்கோதுமை மணியின் நீளமாக வைத்த கணக்கு அது. அதே ஒரு நம்பருக்குச் சுற்றளவு வழக்கமாகக் கால் அங்குலம், அதாவது ஆறு மி.மீ.க்குச் சற்று மேலேதான் கூடும்.

இதை மருமகனின் காலில் போட்டுப் பார்ப்போம். அவன் எட்டாம் நம்பர் ஷூ இன்ஸ்டெப்பில் சுமார் 13 மி.மீ. பற்றாமல் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன். அந்த 13 மி.மீ. கிடைக்க அவன் இரண்டு நம்பர் ஏற வேண்டும். அதனால்தான் பத்தாம் நம்பர் மேலே சுகமாக இருந்திருக்கிறது. ஆனால் அதே இரண்டு நம்பர் 17 மி.மீ. கூடுதல் நீளத்தையும் கொண்டுவந்துவிட்டது. ஷூ மடங்க வேண்டிய இடம் விரல் மூட்டுக்கு முன்னால் தள்ளிப் போயிற்று, குதிகால் கழன்றது.

அதற்கு அவன் செய்த வைத்தியம்தான் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. குதிகால் கழல்கிறதே என்று 5 மி.மீ. தடிமனில் ஜெல் இன்சோல் ஒன்றை வாங்கி உள்ளே போட்டிருக்கிறான். பலகை உயர்ந்தது, மூட்டை உயர்ந்தது, கூண்டு மறுபடி முட்டியது. இரண்டு நம்பர் ஏறிச் சம்பாதித்ததில் பெரும்பகுதியை அந்த இன்சோல் விழுங்கிவிட்டது.

இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும். கால் 1 மி.மீ. உயர்ந்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் சேர்த்து அப்பர் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. நீள வேண்டியிருக்கும். பக்கங்கள் செங்குத்தாக இருந்தால் சரியாக 2 மி.மீ. ஆகும், சரிவாக இருப்பதால் கொஞ்சம் குறைகிறது. ஆகவே 4 மி.மீ. இன்சோலை வெளியே எடுத்தால் சுமார் 6 மி.மீ. சுற்றளவு கிடைக்கும். ஒரு முழு நம்பர் ஏறுவதற்குச் சமமான இடம், நீளத்தில் ஒரு மி.மீ.கூடக் கூடாமல்.

முதல் படி: காலை அளப்பது

சாயங்காலம் அளங்கள். நாள் முழுக்க நின்றபின் கால் கொஞ்சம் ஊறியிருக்கும், ஷூ தொல்லை தருவதும் அந்த நேரத்தில்தான். எந்த சாக்ஸுடன் ஷூ போடுவீர்களோ அதையே மாட்டிக்கொள்ளுங்கள். தையல் டேப் ஒன்று, காகிதம், பென்சில் போதும். நீங்கள் நிற்க, வேறு ஒருவர் அளந்தால் நல்லது. குனிந்து நீங்களே அளந்தால் எடை ஒரு காலுக்குச் சாய்ந்து அளவு மாறிவிடும்.

குதிகாலைச் சுவரில் ஒட்டி வைத்துக் காகிதத்தின் மேல் நில்லுங்கள். நீண்ட விரலின் நுனியில் கோடு போட்டு நீளத்தை எடுங்கள். அடுத்து பெருவிரல் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் தொட்டபடி டேப்பைச் சுற்றிவிடுங்கள். இது முன்பாதச் சுற்றளவு, கடைக்காரர் 'அகலம்' என்று சொல்வதற்குப் பின்னால் இருக்கும் அளவு. மூன்றாவதாக, நீளத்தின் பாதியில், மேட்டின் உச்சியில் டேப்பை வைத்து உள்ளங்கால் வழியாகச் சுற்றுங்கள். உள்வளைவு இருக்கும் இடத்தில் டேப் தோலோடு ஒட்டிப் போக வேண்டும், காற்றில் தொங்கக் கூடாது. இறுக்கி இழுக்காமல், தோல் குழியாமல், பட்டும் படாமல் படியட்டும். மூன்று முறை எடுத்து நடு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் அளங்கள், ஒன்று பெரும்பாலும் சற்றுப் பெரிதாக இருக்கும்.

இப்போது இரண்டு சுற்றளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷூ எந்த மரக்கட்டையின் மேல், இப்போதெல்லாம் பிளாஸ்டிக் கட்டையின் மேல், இழுத்துச் செய்யப்படுகிறதோ அந்த லாஸ்ட்டில் இன்ஸ்டெப் சுற்றளவு முன்பாதச் சுற்றளவுக்கு ஏறக்குறைய சமமாகவோ சில மி.மீ. கூடுதலாகவோ வைக்கப்பட்டிருக்கும். உங்கள் காலில் வித்தியாசம் அதைவிட நன்றாகத் தாண்டினால் ரெடிமேட் ஷூவோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும். மருமகனின் வலது கால் நீளம் 261, முன்பாதம் 248, இன்ஸ்டெப் 266 மி.மீ. வித்தியாசம் 18. இடது கால் எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு குறைவு. முன்பாத அளவு எட்டாம் நம்பருக்குச் சாதாரணம்தான், அதனால்தான் கடையில் போட்டுப் பார்த்தபோது விரல்கள் சௌகரியமாக இருந்தன.

இரண்டாம் படி: ஷூ சொல்வதைப் படிப்பது

லேஸ் ஓட்டைகள் இருக்கும் இரண்டு பட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் மேல்பக்கப் பொருத்தத்தைக் காட்டும் கண்ணாடி. ஷூவைப் போட்டு, வழக்கம் போலக் கட்டி, எழுந்து நின்று மேலிருந்து பாருங்கள். போட்டோ எடுத்தால் இன்னும் நல்லது.

மேலிருந்து கீழ்வரை இடைவெளி ஒரே சீராக, ஒரு விரல் அகலத்துக்குள் இருந்தால் பொருத்தம் சரி. மேலே விரிந்து விரல் பக்கம் குறுகி வி வடிவில் திறந்திருந்தால் புறங்கால் உயரம், ஷூவுக்குள் இடம் போதவில்லை. தலைகீழாக, விரல் பக்கம் விரிந்து மேலே மூடிக்கொண்டால் முன்பாதம் அகலம், புறங்கால் தாழ்வு. இரண்டு பட்டையும் மேலே ஒன்றோடொன்று இடித்துக்கொண்டால் ஷூ காலுக்குப் பெரிது, இன்னும் இறுக்க இடமே இல்லை. புறங்கால் தாழ்ந்தவர்களின் தொல்லை இது, அவர்களுக்கு இந்தக் கட்டுரையை முழுக்கத் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கும்.

மருமகனின் எட்டாம் நம்பரில் மேல் ஓட்டைகளுக்கு நடுவே 31 மி.மீ. இடைவெளி. மேட்டுக்கு நேரான மூன்றாம் வரிசையில் 19. அந்த மாதிரி ஷூவில் அந்த இடத்தில் 6 மி.மீ. இருந்தால் போதும். கழித்தால் 13. முன்பே சொன்ன 13 இப்படி வந்ததுதான்.

இடைவெளி எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். அவன் வைத்திருந்த மூன்றும் ஆக்ஸ்ஃபோர்ட் ஷூ. அதில் லேஸ் பட்டைகள் இரண்டும் முன்பக்கத் தோலான வாம்ப்புக்கு அடியில் புகுத்தித் தைக்கப்பட்டிருக்கும். பட்டைகள் சேரும் கீழ்முனை பூட்டுப் போட்ட மாதிரி. லேஸை மொத்தமாக உருவிப் போட்டாலும் அந்த முனை திறக்காது. மேடு அந்த முனைக்கு நேராக வந்தால் எந்த லேஸ் வித்தையும் பலிக்காது. டெர்பி என்ற இன்னொரு வகை ஷூவில் இதற்கு நேர்மாறாகப் பட்டைகள் வாம்ப்புக்கு மேலே வந்து உட்கார்ந்திருக்கும், இரண்டு கதவு போல விரியும். ஒரே நம்பர், ஒரே லாஸ்ட்டாக இருந்தாலும் உயரமான காலுக்கு டெர்பி வேறு ஷூ.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வலி வந்திருக்கும் நேரத்தில் லேஸை முழுக்கத் தளர்த்தி இரண்டு நிமிடம் பொறுங்கள். இறுக்கம் விட்டுப் போனால் பிரச்சினை கட்டும் இடத்தில், சரிசெய்யலாம். தளர்த்திய பிறகும் அதே இடத்தில் அழுத்தினால் பூட்டு முனையோ, லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் தையலோ, காலில் உள்ள எலும்பு மேடோ காரணம்.

கடைசியாக, அரை மணி நேரம் நடந்துவிட்டு ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் பாருங்கள். குறுக்கே பட்டையாகச் சிவந்திருந்தால் மொத்தச் சுற்றளவும் பற்றவில்லை. ஒரு நாணயம் அளவுக்கு ஒரே இடத்தில் சிவந்திருந்தால் ஒரு எலும்பு முனைதான் இடிக்கிறது. வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் ஓட்டைகளின் உலோக வளையங்கள் மெல்லிய நாக்கைத் தாண்டிக் குத்துகின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

மூன்றாம் படி: சரிசெய்யும் வரிசை

திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிற வேலையை முதலில் செய்யுங்கள். வெட்டுவதும் தைப்பதும் கடைசியில்.

முதலில் இன்சோல். உள்ளே விரலை விட்டுக் கிளப்பிப் பாருங்கள், ஒட்டாமல் இருந்தால் தானாக வரும். அதன் தடிமனை அளங்கள். ஸ்போர்ட்ஸ் ஷூவில் 4 முதல் 6 மி.மீ. வரை இருக்கும். வெளியே எடுத்துவிட்டு அப்படியே நடக்காதீர்கள், பல ஷூக்களில் அடியில் தையல் முண்டு இருக்கும், ஒரே நாளில் பாதம் எரியும். ஒன்றரை மி.மீ. தோல் ஷீட்டோ மெல்லிய ஃபோம் ஷீட்டோ பழைய இன்சோலை அச்சாக வைத்து வெட்டிப் போடுங்கள். கால் கீழே இறங்குவதால் ஷூவின் வாய் கணுக்கால் எலும்பைத் தொடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் தந்த தனி இன்சோல் போடுகிறவர்கள் பலர் பழையதை எடுக்காமல் அதன் மேலேயே வைத்துவிடுகிறார்கள். மேலே இறுக்குகிறது என்று வரும் புகாரில் இந்த ஒரு தப்பை முதலில் கேட்பது என் வழக்கம்.

அடுத்தது லேஸ். எல்லாரும் கட்டுகிற குறுக்குக் கட்டில் ஒவ்வொரு குறுக்கும் மேட்டின் மேல் ஒரு கயிறு போல அழுத்துகிறது. மேட்டுக்கு மேலே வரும் குறுக்கை மட்டும் நீக்கிவிட்டால் பாதி வலி போய்விடும். ஷூவைப் போட்டபடி, வலிக்கும் இடத்துக்கு நேராக எந்த இரண்டு வரிசை ஓட்டைகள் வருகின்றன என்று பாருங்கள். கீழ் வரிசை வரை வழக்கம் போலக் கட்டி வாருங்கள். அங்கிருந்து லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல், இடப்பக்க நுனியை இடப்பக்கமே நேராக மேலே கொண்டுபோய் அடுத்த ஓட்டைக்குள் விடுங்கள். வலப்பக்கமும் அப்படியே. அதன் பிறகு மறுபடி குறுக்கே கட்டலாம். மேட்டின் மேல் ஒரு சிறிய ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். ஜன்னலுக்கு மேலே கட்டுகிற ஒன்றிரண்டு குறுக்குகள் கணுக்காலுக்கு முன்னால் விழுவதால் குதிகாலையும் பிடித்து நிறுத்தும். உருண்டை லேஸ் போட்டிருந்தால் தட்டை லேஸாக மாற்றுங்கள், அழுத்தம் பரவும்.

இந்தக் கட்டுக்கு ஒரு எல்லை உண்டு. ஒரு புள்ளியில் வரும் வலியை இது நன்றாகத் தீர்க்கும். குறுக்கே பட்டையாகச் சிவக்கிற காலுக்குப் பாதி சுகம்தான், ஏனென்றால் அங்கே தோலே போதவில்லை.

மூன்றாவது நாக்கு. ஸ்போர்ட்ஸ் ஷூ நாக்குகளுக்குள் கனமான ஃபோம் இருக்கும். அது லேஸ் குத்தாமல் காப்பதற்காக வைத்தது, ஆனால் உயரமான காலுக்கு அதுவே இடத்தை அடைக்கும். தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் ஓரத் தையலைப் பிரித்து, ஃபோமைப் பாதியாகக் குறைத்து, மறுபடி தைத்துத் தருவார். ஓட்டை வளையங்கள் குத்துகிற ஆளுக்கு இதற்கு நேர் எதிர் வைத்தியம், நாக்குக்கு அடியில் மெல்லிய தோல் ஒன்று சேர்ப்பது. சிவந்த தடத்தைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

நான்காவது தோலை நீட்டுவது. நிஜத் தோல் என்றால் மட்டும். ரெக்சின் கொஞ்சம் விரிந்த மாதிரி காட்டிவிட்டு மறுநாள் பழையபடி சுருங்கும், அல்லது மடிப்பில் வெடிக்கும். கடைகளில் கிடைக்கும் மரத்தாலான ஷூ விரிப்பான் பக்கவாட்டிலோ நீளவாட்டிலோதான் தள்ளும், மேல்பக்கத்தைத் தொடாது. மேலே உயர்த்த இன்ஸ்டெப் மேட்டுக்கான தனி ஆப்பு உள்ள விரிப்பான் வேண்டும். அது இல்லாத இடத்தில் பழைய கைவேலைக்காரர்கள் செய்வது இதுதான்: ஷூவுக்கேற்ற லாஸ்ட்டின் மேட்டில் தோல் துண்டை ஒட்டி, ஓரங்களைச் சீவிச் சரிவாக்கி, ஷூவின் உட்பக்கத்தை லேசாக ஈரமாக்கி, லாஸ்ட்டை உள்ளே ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுவார்கள். கால் உயரமானவருக்கென்று புது ஷூ செய்யும்போதும் லாஸ்ட்டை இப்படித்தான் தோல் ஒட்டி வளர்ப்பார்கள். கிடைப்பது சில மி.மீ. மட்டும். தையல் ஓடும் இடமும், ஓட்டைப் பட்டைக்குள் வைத்திருக்கும் உறுதித் துணியும் நீளாது.

மருமகனின் எட்டாம் நம்பர் ஆக்ஸ்ஃபோர்டில் இதை முயன்றேன். ஒன்றரை நாளில் 4 மி.மீ. கிடைத்தது. இரண்டாம் முறை ஏற்றியபோது பூட்டு முனையில் தையல் நூல் பல்லைக் காட்டியது, நிறுத்திவிட்டேன். 13 மி.மீ. பள்ளத்தை நீட்டலால் நிரப்ப முடியாது என்று எனக்கு முன்பே தெரியும், இருந்தாலும் ஷூ அழகாக இருந்தது, ஆசை விடவில்லை.

ஐந்தாவது, கட்டும் முறையையே மாற்றுவது. வெல்க்ரோ போட்ட பள்ளி ஷூவில் பட்டை எட்டவில்லை என்றால் நீளமான பட்டையாக மாற்றித் தைக்கலாம், சுலபமான வேலை. பிள்ளைகளின் பட்டை நுனி மட்டும் ஒட்டிக்கொண்டு அடிக்கடி பிரிந்துபோகிறது என்றால், பட்டை பழசானதுதான் காரணம் என்று முடிவு கட்டாமல் காலின் உயரத்தையும் ஒரு முறை பாருங்கள். லேஸ் இல்லாத லோஃபரில் நாக்கின் இரு ஓரத்திலும் தோலைக் கீறி உள்ளே எலாஸ்டிக் வைத்துத் தைக்கலாம். கைத்திறன் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள், ஒரு பக்கம் கூடினால் ஷூ முறுக்கிக்கொள்ளும்.

நான்காம் படி: அடுத்த ஷூ வாங்கும்போது

உயரமான காலுக்கு முதல் கேள்வி, ஷூ எங்கே திறக்கிறது, எவ்வளவு தூரம் திறக்கிறது என்பதே. லேஸ் ஓட்டைகள் விரல்களை நோக்கி எவ்வளவு கீழே தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. மூன்று ஜோடி ஓட்டையை விட ஐந்து மேல். ஃபார்மல் என்றால் டெர்பி, கண்ணை மூடிக்கொண்டு. ஸ்போர்ட்ஸ் ஷூ என்றால் நாக்கைத் தூக்கிப் பாருங்கள். சிலவற்றில் நாக்கின் இரு பக்கமும் உடம்போடு சேர்த்து சாக்ஸ் மாதிரி தைத்திருப்பார்கள், துணி நன்றாக இழுபடாவிட்டால் அது இன்னொரு கூண்டு. இன்சோல் கழற்ற வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள், பின்னால் இடம் தேவைப்பட்டால் அதுதான் உங்கள் சேமிப்பு. ஒரே நம்பரில் அகலமான ஃபிட்டிங் கிடைத்தால் அதைக் கேளுங்கள். அதில் சுற்றளவு கூடுகிறது, நீளம் அப்படியே இருக்கிறது.

லோஃபரும், எலாஸ்டிக் மட்டும் வைத்த குட்டை பூட்ஸும் சிரமமானவை. லோஃபர் மேட்டைப் பிடித்துக்கொண்டுதான் காலில் நிற்கிறது, கட்டவும் தளர்த்தவும் எதுவும் இல்லை. பூட்ஸ் போடும்போது குதிகாலும் மேடும் ஒரே நேரத்தில் குறுகிய கழுத்துக்குள் நுழைய வேண்டும். உள்ளே போனபின் சரியாக இருக்கும் பூட்ஸுக்குள்ளும் நுழைய முடியாமல் திணறுவது இதனால்தான். குதிகால் உயர்ந்த ஷூவில் கால் முன்னால் சரிந்து மேட்டைக் கூண்டின் வாயில் தள்ளும், அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பக்கவாட்டுப் படத்தை விட்டுவிட்டு மேலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள். லேஸ் பட்டைகள் வாம்ப்புக்கு மேலா அடியிலா என்பது அதில்தான் தெரியும்.

ஷூவால் தீராதவை

பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மரத்துப் போவது, புறங்கால் மேல் ஓடும் நரம்பு நசுங்குவதன் அடையாளம். ஷூவைக் கழற்றிய சிறிது நேரத்தில் உணர்வு திரும்பினால் ஷூவை மாற்றினால் போதும். இரவெல்லாம் நீடித்தால், விரலைத் தூக்குவதில் பலம் குறைந்தால், எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மேட்டின் உச்சியில் கல் போல ஒரு முண்டு நிரந்தரமாக இருந்தால் அது மூட்டு ஓரத்தில் வளர்ந்த எலும்பாக இருக்கலாம். மெத்தென்று அசைகிற கட்டி வேறு வகை. இரண்டுக்கும் லேஸ் ஜன்னல் சுகம் தரும், ஆனால் என்னவென்று காட்டித் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி ஷூ ஏறாமல் போனால் ஷூவைப் பற்றி யோசிக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

சர்க்கரை நோயால் காலில் உணர்வு குறைந்தவர்கள் மேலே சொன்ன எதிலும் 'வலிக்கிறதா' என்பதை அளவுகோலாக வைக்கக் கூடாது. அவர்களுக்கு இறுக்கம் தெரியாது, தோல் மட்டும் புண்ணாகும். கழற்றியபின் சிவப்பு அரை மணி நேரத்துக்கு மேல் மறையாமல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் ஷூவை ஏற்கவோ தள்ளவோ வேண்டும்.

மருமகன் கதை எப்படி முடிந்தது

மூன்று ஆக்ஸ்ஃபோர்டையும் ஓரம் வைத்தோம். எட்டாம் நம்பரிலேயே ஐந்து ஜோடி ஓட்டை வைத்த சாதாரணக் கருப்பு டெர்பி ஒன்றை ஆம்பூர்க் கடைத்தெருவில் மாலை ஆறு மணிக்குப் போட்டுப் பார்த்து வாங்கினோம். அதன் 4 மி.மீ. இன்சோலை எடுத்துவிட்டு ஒன்றரை மி.மீ. தோல் ஷீட் போட்டேன். உயரத்தில் இரண்டரை மி.மீ., சுற்றளவில் சுமார் 4 மி.மீ. மிச்சம். மூன்றாம் நான்காம் வரிசைக்கு நடுவே லேஸ் ஜன்னல். முதல் நாள் மூன்றாம் வரிசையில் இடைவெளி 14 மி.மீ., மேலும் கீழும் ஏறக்குறைய சீர். டெர்பியில் அந்த அளவு திறப்பு பார்வைக்கும் உறுத்தாது, நாக்குதான் கொஞ்சம் தெரியும்.

ஒரு மாதம் கழித்துத் தோல் காலுக்குப் படிந்தபின் போட்டோ அனுப்பினான், அளந்தால் 10 மி.மீ. மரத்துப் போவது நின்றுவிட்டதாம். ஜெல் இன்சோலை என்ன செய்தாய் என்று கேட்டேன். "அப்பா செருப்புக்குள்ள வச்சிருக்காரு மாமா, இப்ப அவருக்கு வார் இறுக்குதாம்" என்றான்.